பட்டரிடம் கைகூப்பு, ஜீயரிடம் தண்டன்: காலை மட்டும் தொடாதீர்கள்

கேள்வி: "கல்யாணமாகி இரண்டு வாரம் ஆகிறது. நாங்கள் ஈரோடு பக்கம், சிவன் கோவில் குடும்பம். மனைவி வீடு ஐயங்கார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, அவர்கள் மடத்து ஜீயரிடம் ஆசி வாங்கப் போகிறோம். பட்டரிடமும் ஜீயரிடமும் என்ன சொல்லி வணங்குவது? காலைத் தொட வேண்டுமா? விபூதியோடு போகலாமா? மாமனாரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது."

காலைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், இந்த ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். நான் ஒரு மடத்தில் பதினாறு வருடம் கைங்கர்யம் செய்தவன். வருகிறவர்களை உள்ளே அழைத்துப் போய், எங்கே நிற்பது எங்கே விழுவது என்று காட்டி, வெளியே கொண்டுவந்து விடுவதுதான் என் வேலை. ஒருநாள் உங்களைப் போலவே புதுமாப்பிள்ளை ஒருவர் வந்தார். நல்ல பையன், பக்தியும் இருந்தது. ஜீயர் முன்னால் போய் நின்றவர், நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குனிந்து இரண்டு கையாலும் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஜீயர் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி ஊர் பேர் எல்லாம் விசாரித்து, அட்சதை கொடுத்து அனுப்பிவிட்டார். அவர்கள் வாசல் தாண்டியதும் எழுந்து மறுபடி நீராடப் போய்விட்டார். அன்றைக்குத் திருவாராதனம் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று, முப்பது பேர் தீர்த்தத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு இன்றுவரை இது தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் ஜீயரும் சிரித்தார்.

காரணம் எளியது. ஜீயர் வெறுமனே உபதேசம் செய்கிறவர் அல்ல, மடத்துப் பெருமாளுக்குத் தம் கையாலேயே திருவாராதனம் செய்கிறவர். அகோபில மடத்தில் மாலோலன் என்கிற உற்சவ மூர்த்தி, ஜீயர் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போவார் என்பது நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பெருமாளைத் தொடுகிற கை என்பதால் நீராடி மடியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் வந்த நாம் விழுப்பு. நம் கை பட்டால் மடி போயிற்று. சாதி பார்த்துச் சொல்கிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜீயரின் பூர்வாசிரமத்து அண்ணன் தம்பி வந்தாலும் இதே நாலு முழ தூரம்தான். உங்கள் மாமனாரும் தொட மாட்டார், பாருங்கள்.

இனி வரிசைப்படி வருகிறேன். முதலில் கோவில். பட்டரை வணங்குவதும் ஜீயரை வணங்குவதும் ஒன்றல்ல என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சந்நிதிக்குள் வணங்கப்படுபவர் பெருமாள் ஒருவரே. அங்கே நின்றுகொண்டு இன்னொரு மனிதருக்குத் தண்டன் சமர்ப்பிப்பது, அவர் எவ்வளவு பெரியவரானாலும், அபசாரம். கோவிலில் செய்யக்கூடாதவை என்று முப்பத்திரண்டு அபசாரங்களைப் பெரியவர்கள் அடுக்குவார்கள். பெருமாள் எதிரே மற்றவரை வணங்குவதும் அதில் ஒன்று. ஆகவே பட்டருக்கு நீங்கள் விழ வேண்டியதில்லை, விழவும் கூடாது. மார்புக்கு நேரே கைகூப்பி, லேசாகத் தலை தாழ்த்தி, "ஸ்வாமி" என்றால் போதும். அவர் பதிலுக்குக் கைகூப்பாமல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். அவர் கையில் தீர்த்த வட்டிலோ சடாரியோ இருக்கும். இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் அவர் உங்களை உபசரிக்க நிற்கவில்லை.

கூப்பிடுகிற சொல்லில்தான் சைவக் குடும்பத்தார் பலர் தடுக்கிவிடுகிறார்கள். உங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் "குருக்கள்" என்றோ "ஐயரே" என்றோ கூப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். பெருமாள் கோவிலில் அது செல்லாது. இங்கே பட்டர், பட்டாச்சாரியார், அர்ச்சகர் ஸ்வாமி என்பார்கள். நேரில் அழைக்க வெறும் "ஸ்வாமி" எல்லா இடத்துக்கும் பொருந்தும். "பூசாரி" என்பது அம்மன் கோவிலிலும் கிராமத் தெய்வத்திடமும் மரியாதையான சொல், இங்கே சொன்னால் மனம் புண்படும். 2021-இல் தமிழ்நாட்டு அரசு எல்லாச் சாதியிலிருந்தும் பயிற்சி பெற்றவர்களை அர்ச்சகர்களாக நியமித்தது. அப்படி வந்தவர்கள் இருக்கிற சந்நிதியிலும் அழைப்பு இதேதான். தீர்த்தம் தருகிறவர் ஸ்வாமி, அவ்வளவுதான்.

தண்டன் சமர்ப்பிக்க இடம் கொடிமரத்துப் பக்கம். தண்டன் என்றால் கோல், தடி. நிறுத்தி வைத்த தடி சாய்வது போல விழுவது என்பதால் அந்தப் பெயர். பேச்சில் "தெண்டம் சமர்ப்பிச்சேன்" என்பார்கள், உங்கள் காதில் அபராதம் கட்டுவது போல விழும், பயப்படாதீர்கள். ஆண்களுக்கு எட்டு அங்கம் தரையில் பட வேண்டும்: நெற்றி, மார்பு, இரண்டு கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதம். பெண்களுக்கு ஐந்து. மார்பும் வயிறும் தரையில் படாமல், முழங்காலிட்டுத் தலையையும் கைகளையும் வைத்தால் போதும். எந்தப் பக்கம் தலை வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. சந்நிதி கிழக்கோ மேற்கோ பார்த்திருந்தால் வடக்கே தலை, வடக்கோ தெற்கோ பார்த்திருந்தால் கிழக்கே தலை. பெரும்பாலான கோவில்கள் கிழக்கு பார்த்தவை என்பதால் வடக்கே தலை வைத்து விழுந்து பழகியிருப்போம். ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார். பழக்க தோஷத்தில் வடக்கே விழுந்தால் உங்கள் கால் பின்னால் வருகிறவர் காலில் இடிக்கும், அதனாலாவது நினைவு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிழக்கே தலை.

உள்ளே சந்நிதியில் உங்களுக்குக் கிடைக்கப்போகிற நேரம் அதிகமில்லை. அதற்குள் மூன்று கைமாற்றம் நடக்கும். முதலில் தீர்த்தம். வலக்கையை லேசாகக் குழித்து, இடக்கையில் மேல்துண்டின் நுனியைப் பிடித்து வலக்கைக்கு அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். மனைவி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். தீர்த்தம் சொட்டிக் கீழே விழக்கூடாது, அதற்குத்தான் இந்தத் துணி. உறிஞ்சும் சத்தம் வராமல் உட்கொள்ளுங்கள். மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொள்ளலாமா என்பதில் வீட்டுக்கு வீடு பழக்கம் வேறு. உதட்டில் பட்ட கை எச்சில், அதைத் தலையில் வைக்கக்கூடாது என்று ஆசாரம் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி. நாலு பேர் தடவிக்கொண்டால் அவர்களை நான் திருத்தப் போவதும் இல்லை.

அடுத்தது சடாரி. கிரீடம் போலிருக்கும், அதன் மேல் பெருமாளின் இரண்டு திருவடிகள் பொறித்திருக்கும். அது தலைக்கு வரும்போது முதுகை நன்றாக வளைத்துக் குனிந்து, வலக்கையால் வாயை மூடிக்கொள்ளுங்கள். மூச்சோ எச்சிலோ படக்கூடாது என்பதற்காக அந்தக் கை. புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு, சடாரி வருவதற்குள் தலையை நிமிர்த்திப் பெருமாளை இன்னொரு தடவை பார்க்கப் பார்ப்பது. பட்டர் வெள்ளிச் சடாரியோடு கையை நீட்டியபடி நிற்பார், உங்கள் நெற்றியில் இடிக்கும். முதலில் கண் குளிரச் சேவித்துவிடுங்கள், அப்புறம் குனியுங்கள்.

சடாரியைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால், இந்த வழியில் பெரியவரை வணங்குவது என்றால் என்ன அர்த்தம் என்பதே விளங்கிவிடும். சடாரி, சடகோபன் என்பதெல்லாம் நம்மாழ்வாரின் பெயர்கள். பெருமாளின் திருவடியாகவே நம்மாழ்வாரை நினைக்கிறார்கள், அதனால் திருவடிக்கே அவர் பெயர். ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் சந்நிதிக்கும் கூட்டிப்போவார்கள் என்று நினைக்கிறேன். அங்கே தலையில் வைக்கிற சடாரியைச் சடாரி என்று சொல்ல மாட்டார்கள், "முதலியாண்டான்" என்பார்கள். முதலியாண்டான் ராமானுஜருடைய சீடர். மணவாள மாமுனிகள் சந்நிதியில் அதற்குப் பெயர் "பொன்னடியாஞ்செங்கமலம்", அவருடைய சீடரான பொன்னடிக்கால் ஜீயரைக் குறிக்கும். குருவின் பாதத்துக்குச் சீடர் பெயர். அங்கே போய் "சடாரி வைங்க" என்றால் பட்டர் வைப்பார்தான், பக்கத்தில் நிற்கிற உங்கள் மாமியார்தான் நெளிவார். "ஸ்வாமி, முதலியாண்டான் சாதிக்கணும்" என்று கேட்டுப் பாருங்கள், அன்று முழுக்க உங்கள் பேச்சுத்தான் அவர்கள் வீட்டில்.

மூன்றாவது துளசி. வலக்கையை மேலே வைத்து இரண்டு கையாலும் வாங்குங்கள். தாயார் சந்நிதியில் மஞ்சளோ குங்குமமோ கிடைக்கும். பெருமாள் சந்நிதியில் விபூதி கேட்காதீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, பழக்கத்தில் கையை நீட்டிக் கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டருக்குச் சம்பாவனை, அதாவது காணிக்கைப் பணம் கொடுக்க நினைத்தால் தட்டில் வையுங்கள். கையில் திணிக்க வேண்டாம்.

"சாதிக்கணும்" என்றேனே, அந்தச் சொல்லையும் சேர்த்து ஐந்தாறு சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இது ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷை. பேசுவதற்கு இல்லாவிட்டாலும் காதில் விழும்போது புரிய வேண்டும். பெரியவர் ஒன்றைச் சொன்னாலும் கொடுத்தாலும் சாதிப்பது. அவர் வந்தால், உட்கார்ந்தால், இருந்தால் எல்லாமே எழுந்தருளுவது, வேகமான பேச்சில் அது "ஏளியிருக்கார்" என்று சுருங்கிவிடும். அவர் கொடுக்கிற உத்தரவு நியமனம். நாம் சொல்வது விண்ணப்பம். அவர் வீடு திருமாளிகை, நம் வீடு எத்தனை மாடியானாலும் குடிசை. அவருக்கு உடம்பு சௌகரியமா என்று கேட்க "திருமேனி பாங்கா?" என்பார்கள். அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே, "நான்" கிடையாது, "அடியேன்".

இந்த "அடியேன்" பற்றி உபந்நியாசங்களில் சொல்கிற கதை ஒன்று உண்டு. திருமந்திரத்தின் பொருள் கேட்க ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஒருமுறை வாசலில் நின்று கூப்பிட, உள்ளேயிருந்து யார் என்று கேட்டாராம். "நான் ராமானுஜன் வந்திருக்கிறேன்" என்றார் இவர். "நான் செத்தபின் வாரும்" என்று பதில் வந்தது. நம்பி தம்மைச் சொல்லவில்லை, "நான்" என்கிற நினைப்பைச் சொன்னார் என்று புரிந்துகொண்டு அடுத்த முறை "அடியேன்" என்று சொல்லிப் போனாராம். பதினெட்டு முறை நடந்தது பழைய செய்தி. இந்த உரையாடல் அப்படியே நடந்ததா, பின்னால் வந்த கதாகாலட்சேபக்காரர்கள் சுவைக்காகக் கட்டியதா என்று என்னைக் கேட்டால், இரண்டாவது என்றுதான் என் ஊகம். ஆனால் மடத்து வாசலில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற எடையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சரி, மடத்துக்கு வருவோம். வாசலில் இட்டிருக்கிற திருமண்ணை, அதாவது நாமத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்போ மஞ்சளோ ஸ்ரீசூர்ணம், இருபுறமும் வெள்ளைக் கோடு என்பது பொது. வெள்ளை மூக்கின் மேல் பாதம் போல இறங்கியிருந்தால் தென்கலை, புருவ மத்தியோடு வளைந்து நின்றுவிட்டால் வடகலை. இது உங்களுக்கு எதற்கு என்றால், எத்தனை முறை விழுவது என்பது இதைப் பொறுத்தது. தென்கலையில் ஒருமுறைதான். ஒருமுறை விழுந்தவனைப் பெருமாள் விட மாட்டார், மறுபடி விழுவது முதல் முறையைச் சந்தேகப்படுவது போல என்பார்கள். வடகலையில் திரும்பத் திரும்பச் சேவிப்பார்கள், பொதுவாக நான்கு முறை. எது சரி என்று மாமனாரிடம் விவாதம் தொடங்கிவிடாதீர்கள், சில நூறு வருடமாக நடக்கிற விவாதம் அது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது. மாமனார் எத்தனை முறை விழுகிறாரோ அத்தனை முறை.

உடை: வேட்டி, மேல்துண்டு. சட்டையும் பனியனும் கழற்றிவிட வேண்டும். மேல்துண்டைத் தோளில் போட்டபடி ஜீயர் முன்னால் போகக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர் முன்னால் துண்டை இடுப்புக்கு இறக்குவது உங்கள் பக்கத்திலும் பழைய மரியாதைதான், புதிதாக இருக்காது. பஞ்சகச்சம் கட்டத் தெரியாவிட்டால் சாதாரணமாகக் கட்டிக்கொள்ளுங்கள், மடித்துக் கட்டாமல் இருந்தால் சரி. போனை வெளியே கொடுத்துவிடுங்கள். தட்டில் பழம், துளசி, விருப்பமிருந்தால் சம்பாவனை. வெற்றிலை பாக்கு வேண்டாம். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் எல்லாத் தட்டிலும் வெற்றிலையை முதலில் வைத்துவிடுவோம், ஆனால் சந்நியாசிக்குத் தாம்பூலம் விலக்கு. தட்டை ஜீயர் கையில் நீட்டக்கூடாது. அவருக்கு முன்னால் ஒரு மனைப்பலகையோ சின்ன மேடையோ இருக்கும், அதில் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குங்கள். பக்கத்தில் துணியால் சுற்றிய மூன்று கோல் சேர்ந்த தண்டம் சாத்தியிருக்கும். அது திரிதண்டம், ஸ்ரீவைஷ்ணவ சந்நியாசிகளின் அடையாளம். அதன் மேல் துண்டு கூடப் படாமல் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் மடத்துப் பெருமாள் சந்நிதியில் சேவித்துவிட்டுத்தான் ஜீயரிடம் போவார்கள். அவர் எதிரில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், கைகூப்பி, வாய் திறக்காமல் நில்லுங்கள். பார்வை உங்கள் பக்கம் திரும்பியதும் விழுந்து சேவிக்கலாம். இருவரும் சேர்ந்தே விழுங்கள், தம்பதியாக வந்திருக்கிறீர்கள். இங்கே முக்கியமான ஒன்று, எழுந்திருப்பது. விழுந்தவுடன் உடற்பயிற்சி போலத் துள்ளி எழுந்துவிடாதீர்கள். அவர் ஏதாவது சொல்வார், "நாராயண" என்றோ, "எழுந்திரும்" என்றோ. அந்தக் குரல் கேட்டதும் எழுங்கள். கூட்டமான நாளில் அவர் ஒன்றும் சொல்லாமல் கையால் சைகை காட்டினால், தரையில் கிடக்கிற உங்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கிற கைங்கர்யக்காரர் சொல்வார். அவரும் சொல்லாவிட்டால் ஒரு மூச்சு நேரம் பொறுத்து நீங்களே எழலாம், குற்றமில்லை.

எழச் சொல்லும் வரை எழக்கூடாது என்பதற்கும் ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. திருக்கோஷ்டியூர் நம்பி ஸ்ரீரங்கம் வந்தபோது ராமானுஜர் எதிர்கொண்டு போய்க் காவிரி மணலில் விழுந்தார். உச்சி வெயில். நம்பி எழுந்திரு என்று சொல்லவேயில்லை. மணல் கொதிக்கிறது, இவர் கிடக்கிறார். சுற்றி நின்ற சீடர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, கிடாம்பி ஆச்சான் என்பவர் மட்டும் பொறுக்க முடியாமல் ஓடிப்போய் அவரை மணலிலிருந்து தூக்கி எடுத்து, இது என்ன குரு சிஷ்ய முறை என்று நம்பியையே கேட்டுவிட்டார். நம்பிக்குக் கோபம் வரவில்லை. இவர் திருமேனி மேல் இவ்வளவு பரிவுள்ள ஒருவரைத் தேடித்தான் வந்தேன் என்று சொல்லி, ராமானுஜருக்குத் தளிகை, அதாவது சமையல் செய்கிற பொறுப்பை ஆச்சானிடம் ஒப்படைத்தார். மடத்தில் வயதானவர் யாராவது விழுந்து எழ முடியாமல் தவிக்கும்போது நான் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன். நியமனம் வருவதற்குள் ஏன் தொட்டாய் என்று யாராவது கேட்டால், சொல்வதற்குக் கிடாம்பி ஆச்சான் இருக்கிறார்.

உங்கள் மைத்துனர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு விழுந்து எழுந்ததும், காதைத் தொட்டுக்கொண்டு கோத்திரம், சூத்திரம், பெயர் எல்லாம் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அபிவாதனம் என்று பெயர். அதைச் சொல்லத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். சந்நியாசிக்கு அபிவாதனம் கிடையாது, அது தெரிந்தவர்களே அங்கே சொல்லக்கூடாது. கோத்திரம் குலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவரிடம் போய் நம் கோத்திரத்தை ஒப்பிப்பானேன்? உபநயனம் ஆன பையன்களே ஆர்வத்தில் ஆரம்பித்து, பாதியில் நான் கையமர்த்தியிருக்கிறேன். ஆக இந்த இடத்தில் நீங்களும் அவர்களும் ஒன்றுதான்.

என்ன பேசுவது? நீங்களாக எதுவும் பேச வேண்டியதில்லை. மாமனார் விண்ணப்பிப்பார்: "அடியேன் பொண்ணு, மாப்பிள்ளை. தேவரீர் அனுக்கிரகம் வேணும்." ஜீயர் உங்களைப் பார்த்து "எந்த ஊர்?" என்பார். "ஈரோடு பக்கம், ஸ்வாமி." "என்ன பண்றீர்?" வேலையைச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிலிலும் "ஸ்வாமி" இருந்தால் போதும். வலக்கையை வாய்க்கு முன்னால் லேசாக மறைத்துக்கொண்டு பேசுவது முறை. ரொம்ப மூடிக்கொண்டு பேசினால் ஒன்றும் கேட்காது, அவர் மறுபடி கேட்க வேண்டியிருக்கும். "அடியேன்" சொல்லலாமா என்றால், வாய்க்கு இயல்பாக வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் "நான்" என்பதைத் தவிர்த்துப் பேசிவிடலாம், தமிழில் அது கஷ்டமே இல்லை. "ஈரோட்டில் வேலை, ஸ்வாமி" என்றால் "நான்" எங்கே வந்தது? ஒரே நாளில் தேவரீர், திருவடி என்று அடுக்கிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். பழகாத சொல் பாதியில் அறுந்து "தேவரீர் எப்ப சாப்பிடுவீங்க" என்று முடிந்த கதையெல்லாம் உண்டு. இங்கே சாப்பாட்டுக்கும் சொல் வேறு, அமுது செய்வது என்பார்கள். "வணக்கம், ஸ்வாமி" என்று நேராகச் சொன்னதற்காக எந்த ஜீயரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

விபூதி விஷயத்தில் விதி இது என்று அடித்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். விபூதியோடு வந்த யாரையும் நான் இருந்த மடத்தில் திருப்பி அனுப்பியதில்லை, அழிக்கச் சொன்னதும் இல்லை. ஆனால் கூடியிருக்கிறவர்களில் இரண்டு பேர் உற்றுப் பார்ப்பார்கள், உங்கள் மனைவி வீட்டாருக்கு அது உறுத்தும். நீங்களாக அதை அழித்துவிட்டுத் திருமண் இட்டுக்கொள்வதும் வேண்டாம். ஆசாரியரிடம் பஞ்சசம்ஸ்காரம் என்கிற தீட்சை செய்துகொண்டவர்கள் முறையாகப் பன்னிரண்டு இடத்தில் இட்டுக்கொள்வது அது, மாப்பிள்ளைக்கு மாட்டிவிடுகிற அலங்காரம் இல்லை. என் யோசனை, அன்று காலை வெறும் சந்தனமோ ஒற்றைக் குங்குமமோ வைத்துக்கொண்டு போங்கள். அல்லது நெற்றியைச் சும்மா விடுங்கள். இதை மட்டும் மனைவியிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள், மாமனாரிடம் போக வேண்டாம்.

கடைசியில் மந்திராட்சதை. மஞ்சள் தடவிய அரிசி. அதை ஜீயர் உங்கள் கையில் வைக்க மாட்டார், மேலேயிருந்து விடுவார். நீங்கள் மேல்துண்டின் நுனியை இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ளுங்கள், மனைவி தலைப்பை ஏந்துவார். கையை உயர்த்தி அவர் விரலுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அவர் கை தாழட்டும், உங்கள் துணி காத்திருக்கட்டும். பழமோ பிரசாதமோ கொடுத்தாலும் இதே முறை. சில மடங்களில் ஸ்ரீபாத தீர்த்தம் என்று ஆசாரியரின் திருவடி விளக்கிய தீர்த்தமும் கொடுப்பார்கள். அது சீடர்களுக்கு உயிர் போன்றது, உங்களுக்குக் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளாமல், வரிசையிலிருந்து கைகூப்பியபடி ஒதுங்கிவிடுங்கள், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அட்சதையைத் துணியிலேயே முடிந்துகொண்டு, மறுபடி ஒருமுறை சேவித்து, முதுகைக் காட்டாமல் நாலடி பின்னால் நடந்து அப்புறம் திரும்புங்கள். பின்னால் நடக்கும்போது நிலைப்படி இருக்கும், பழைய மடங்களில் அது ஒரு அடி உயரம். நான் வாசலில் நின்ற பதினாறு வருடத்தில் அதிகமாகச் சொன்ன வார்த்தை "படி, ஸ்வாமி, படி"தான்.